நடிகர் பக்கத்தில் நீங்கள்: ரசிகர் படம் செய்யும் முறையும் அது புளுகாக மாறும் இடமும்

மதுரைப் பக்கத்துக் காதுகுத்து பிளக்ஸ்களில் தாய்மாமனுக்குப் பக்கத்தில் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துவிட்டு, “அவர் எவ்வளவு மொய் எழுதினார்?” என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. பிளக்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடிகர் படத்தில் வந்த அதே வேடத்தில் இருப்பார், தாய்மாமன் தலை அவர் தலையைவிடப் பெரிதாக இருக்கும், பின்னால் சிங்கமோ மின்னலோ இருக்கும். ‘நான் ஒட்டுவேலை’ என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

இன்று கைப்பேசியில் செய்யும் படங்களில் இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. வெளிச்சம் பொருந்துகிறது, நிழல் விழுகிறது, தலை அளவு சரியாக இருக்கிறது. வேலை சுத்தமாக ஆக ஆக, பார்ப்பவர் அதை நிஜமான சந்திப்பு என்று நம்பத் தொடங்குகிறார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேலையைச் சுத்தமாகச் செய்யும் முறையையும், அது ஒட்டுவேலைதான் என்பதைப் படத்துக்குள்ளேயே சொல்லிவைக்கும் முறையையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாவதை முதல் படியிலேயே யோசிக்க வேண்டும்.

நடிகரின் எந்தப் படம்?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தத் தேர்வுதான். நடிகரின் படங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வேடத்தில் இருக்கும் படம்: போலீஸ் உடை, வேட்டியும் அரிவாளும், ராஜா உடை. இன்னொன்று, சொந்த உடையில் இருக்கும் படம்: விமான நிலைய வாசல், ஓட்டல் வரவேற்பறை, கோயில் பிராகாரம்.

வேடத்தில் இருக்கும் படத்தை எடுத்தால் உங்கள் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பெரிய குழப்பம் வராது. ராஜா உடையில் இருப்பவர் உங்களோடு மாட்டுத்தாவணியில் டீ குடிக்கிறார் என்றால் பார்ப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். சொந்த உடையில் இருக்கும் படம் அப்படியல்ல. மதுரை விமான நிலையத்துக்கு நடிகர்கள் வந்துபோவது வழக்கம். அங்கே கூட்டத்தில் யாரோ ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொள்வதும் வழக்கம். அந்தப் பின்னணியில் உங்களை ஒட்டினால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ‘நான் இவரைப் பார்த்தேன்’ என்பதற்கான சாட்சியாகவே அது நிற்கும். செல்ஃபிக் கோணமும் அப்படியே. நீட்டிய கை, ஓரத்தில் வெட்டுப்பட்ட தோள், சாய்ந்த இரண்டு முகங்கள் என்று வந்தாலே நாம் நேர்ச் சந்திப்பு என்றுதான் படித்துப் பழகியிருக்கிறோம்.

மறைந்த நடிகரோடு செய்வது தொடங்குபவர்களுக்கு நல்ல பயிற்சி. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார். இருபது வயதுப் பையன் அவர் பக்கத்தில் நின்றால் ஏமாற யாரும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் நீங்கள் மட்டும் வண்ணத்தில் நின்றால் இன்னும் அழகு. இன்று நம்மோடு இருப்பவர்களில் வடிவேலு படங்களும் பாதுகாப்பானவை. நம் ஊர்க்காரரான அவருடைய முகபாவங்கள் தமிழ்நாடு முழுக்கக் கேலிப் படங்களாகச் சுற்றியவை என்பதால், அந்த முகத்தைப் பார்த்ததுமே இது விளையாட்டு என்று தெரிந்துவிடும். மறைந்து சில ஆண்டுகளே ஆனவர்களிடம் கவனம் வேண்டும். விஜயகாந்த் 2023 டிசம்பரில் காலமானார்; அவரை நேரில் பார்த்தவர்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவரோடு இயல்பாக நிற்கும் படத்தை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

உங்கள் படத்தை எடுப்பது

பெரும்பாலோர் தங்கள் பழைய செல்ஃபி ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முன்பக்கக் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னுக்குப் போகும். நடிகரின் படமோ தூரத்திலிருந்து எடுத்தது. அதனால் நண்பரை ஏழெட்டு அடி தள்ளி நிற்கச் சொல்லி, பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் நடிகரின் படத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? கண்மணியில் வெளிச்சப் புள்ளி எங்கே இருக்கிறது? புள்ளி இடப்பக்கம் மேலே இருந்தால் வெளிச்சம் அங்கிருந்து வருகிறது. உங்களுக்கும் அதே பக்கம் ஜன்னல் இருக்கும்படி நில்லுங்கள். நம் ஊர் மதிய வெயிலில் எடுக்கவே கூடாது. கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், அதை எந்தச் செயலியாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. காலை எட்டு மணிக்கு முன்பு, மாலை ஐந்துக்குப் பிறகு, அல்லது திண்ணை நிழல்.

கேமராவின் உயரத்தையும் பாருங்கள். கதாநாயகர்களின் படங்கள் பெரும்பாலும் இடுப்பு உயரத்திலிருந்து மேல்நோக்கி எடுத்தவை. அவருடைய தாடையின் அடிப்பகுதி தெரிந்தால் அப்படித்தான் என்று பொருள். அப்போது நண்பரை ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

சேர்ப்பது

போட்டோஷாப் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இலவசமான ஜிம்ப், உலாவியிலேயே ஓடும் போட்டோபியா இரண்டிலும் இந்த வேலையைச் செய்யலாம். பின்னணி அடியிலும், நடிகர் அதற்கு மேலும், நீங்கள் உச்சியிலும் தனித்தனி லேயர்களாக இருக்கட்டும்.

முதலில் அளவு. உச்சந்தலையிலிருந்து தாடை வரை ஒரு முகத்தின் நீளம் ஏறக்குறைய ஒன்பது அங்குலம். நீங்கள் அவரைவிட நான்கு அங்குலம் குள்ளம் என்றால், உங்கள் கண்கள் அவர் கண்களுக்கு அரை முகத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே வர வேண்டும். முகங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கண்மதிப்பில் வைப்பவர்கள், அறியாமலே தங்களைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வதைப் பார்க்கலாம்.

அடுத்தது கூர்மை. இணையத்திலிருந்து எடுத்த நடிகர் படம் சின்னது, உங்கள் கைப்பேசிப் படம் பெரியது. நடிகரைப் பெரிதாக்காதீர்கள், உங்களைச் சிறிதாக்குங்கள். அதன் பிறகும் உங்கள் முடியும் சட்டை நூலும் அவரைவிடத் துல்லியமாகத் தெரிந்தால் உங்கள் லேயரை மிக மெல்ல மங்கலாக்குங்கள். வெட்டிய ஓரத்தை ஒன்றிரண்டு பிக்ஸலுக்கு மென்மையாக்குங்கள், அதற்கு மேல் போனால் உடம்பைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

நிழலுக்கு, உங்கள் லேயருக்குக் கீழே புதிய லேயர் ஒன்றைத் திறந்து, Multiply முறையில் வைத்து, Opacity அளவை 30 முதல் 40 வரை வைத்து மென்மையான தூரிகையால் தீட்டுங்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்த்தியாகவும் வெளியே போகப் போக வெளிறியும் இருக்க வேண்டும். பாதத்துக்குக் கீழே நிழல் இல்லாதவர் மிதப்பார். கடைசியாக இருவர் மீதும் ஒரே நிறச் சாயலும் ஒரே அளவு பொடிப்புள்ளிகளும் தூவினால் படம் ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். லேயர்கள் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். இது நீங்கள் செய்த ஒட்டுவேலை என்று பின்னால் காட்ட வேண்டிவந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியே சேர்த்துக் கொடுத்துவிடுமே என்பீர்கள். கொடுக்கும். ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் கேட்காத இயல்பையும் சேர்த்துக் கொடுக்கும்: தோளில் கை, நெருங்கிய பழக்கம்போல ஒரு சிரிப்பு, நம்பும்படியான ஓர் ஓட்டல் அறை. கையால் செய்யும்போது எந்தப் படத்தை எடுப்பது, எவ்வளவு நெருக்கமாக நிற்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு. செயலியில் செய்தாலும் வேடத்தையும் இடத்தையும் நீங்களே குறிப்பிட்டுக் கேளுங்கள். சில செயலிகள் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைக்கின்றன. உங்கள் பெரியம்மாவின் வாட்ஸ்அப்பில் அது எந்த உதவியும் செய்யாது.

எழுத்தை எங்கே வைப்பது?

‘ரசிகர் தயாரிப்பு’ என்று வலது கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் போடுவதுதான் வழக்கம். அது இருந்தும் பயனில்லை. வாட்ஸ்அப் டி.பி. வட்டமாக வெட்டும்போது நான்கு மூலைகளும் போய்விடும். ஸ்டேட்டஸில் வைத்தால் மேல் விளிம்பில் உங்கள் பெயரும், கீழே தலைப்பு வரியும் பதில் பெட்டியும் வந்து உட்காரும். யாராவது திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

எனவே எழுத்தைப் படத்தின் நடுப்பகுதியில், இருவர் உடம்பின் மீதும் படும்படி மார்பு உயரத்தில் வையுங்கள். அதை வெட்ட வேண்டுமானால் ஆளையே வெட்ட வேண்டும். 1080 பிக்ஸல் சதுரப் படத்தில் எழுத்தின் உயரம் ஐம்பது பிக்ஸலுக்குக் குறைய வேண்டாம். ‘எடிட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. நிறம் கூட்டியதையும் எடிட் என்றுதான் சொல்கிறோம். ‘ரசிகர் ஒட்டுப்படம், நேரில் சந்திக்கவில்லை’ என்று முழுதாக எழுதுங்கள். அழகு கெடுகிறது என்று தோன்றினால் உங்கள் சட்டையில் அச்சடித்ததுபோலவோ, நடிகர் கையில் பிடித்திருக்கும் பலகையில் எழுதியதுபோலவோ வைக்கலாம். பழக்கம் வந்துவிட்டால் இதுவே படத்தின் வேடிக்கையாகவும் ஆகிவிடும்.

பிறகு ஒரு சோதனை. படத்தை எந்த வார்த்தையும் சேர்க்காமல், கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, வீட்டில் இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அத்தை சிரித்தால் படம் சரி. “எங்கேடா பார்த்தாய் இவரை? என்னையும் கூட்டிப் போயிருக்கலாமே!” என்றால் படத்தைத் திருத்த வேண்டும். நண்பர்களிடம் காட்டிப் பயனில்லை, அவர்களுக்கு உங்கள் பித்தலாட்டம் ஏற்கெனவே தெரியும்.

ஒரே படம், மூன்று கைகள்

திருமங்கலத்தில் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். நடிகரின் பிறந்தநாளுக்கு அவரோடு தான் நிற்கும் படம் ஒன்றைச் செய்கிறார். நடிகர் போலீஸ் உடையில் இருக்கிறார். மேலே வாழ்த்து வரி. மன்றக் குழுவில் போடுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

அடுத்த வாரம், ‘இன்னும் இயல்பாக இருக்கட்டும்’ என்று போலீஸ் உடைக்குப் பதில் வெள்ளைச் சட்டைப் படத்தை வைத்து, வாழ்த்து வரியை எடுத்துவிட்டு, டி.பி. ஆக்குகிறார். கேட்டவர்களிடம் புன்னகை மட்டும் செய்கிறார். பொய் என்று ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் கோடு இங்கேதான் தாண்டப்படுகிறது. ‘நிஜமா?’ என்று ஒருவர் கேட்டபோது ‘இல்லை’ என்று சொல்லாமல் இருந்த அந்த நொடியில், விளையாட்டை ஏமாற்றாக மாற்றிவிட்டார்.

இரண்டாவது கை அவருடைய சித்தப்பா மகனுடையது. உசிலம்பட்டியில் கைப்பேசிக் கடை திறக்கிறார். அந்த டி.பி.யைத் திரைப்பிடிப்பு எடுத்து, பிளக்ஸ் கடையில் கொடுத்து, கடைப் பெயரையும் ‘எங்கள் குடும்ப நண்பரின் நல்வாழ்த்துகளுடன்’ என்ற வரியையும் சேர்த்து அடித்துவிடுகிறார். இப்போது நடிகரின் முகம் ஒரு வியாபாரத்துக்கு ஆள் சேர்க்கிறது. இங்கே ‘ரசிகர் தயாரிப்பு’ என்று எழுதியிருந்தாலும் காப்பாற்றாது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல், ஓர் இந்திப் படத் தயாரிப்பாளர் அவருடைய பெயரையும் பாணியையும் பயன்படுத்தத் தடை விதித்தது. யார் என்று அடையாளம் தெரிந்தால் போதும், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2023 ஜனவரியில் அவர் தரப்பு, அனுமதியின்றித் தன் பெயர், படம், குரலை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று பொது அறிவிப்பும் வெளியிட்டது. அதனால் கடை, டியூஷன், சீட்டு, கேட்டரிங் என்று காசு புழங்கும் எதிலும் நடிகர் முகத்தை வைக்காதீர்கள். நடிகர் ஒருபக்கம் இருக்க, அந்த மூலப் படத்தை எடுத்த புகைப்படக்காரருக்கோ தயாரிப்பு நிறுவனத்துக்கோ அதில் பதிப்புரிமையும் இருக்கும்.

பிளக்ஸ் கடைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவருக்குச் செய்த வடிவமைப்பு அங்கேயே கணினியில் கிடக்கும். அடுத்து வருபவருக்கு முகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கோப்பைக் கொடுத்தால், வேலை முடிந்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது கை முன்பின் தெரியாத ஆளுடையது. ‘சினிமாவில் வாய்ப்பு, முன்பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும்’ என்று ஆள் பிடிப்பவர். அவருக்குத் தேவை, நடிகரோடு ‘நம் ஊர்ப் பையன்’ ஒருவன் இயல்பாக நிற்கும் படம். “இவனுக்கு நாங்கள்தான் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தோம்” என்று காட்டிக் காசு வாங்குகிறார். கணினி வழியாக இன்னொருவர்போல் நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66D பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தக் குற்றம் காசு வாங்கியவருடையது. ஆனாலும் காசு கொடுத்தவர் முதலில் தேடி வருவது படத்தில் இருக்கும் முகத்தைத்தான்.

போலீஸ் உடைப் படம் அப்படியே இருந்திருந்தால் சித்தப்பா மகனுக்கும் அது பயன்பட்டிருக்காது, மோசடிக்காரருக்கும் பயன்பட்டிருக்காது.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம்

மதுரையில் நடிகர் எப்போதும் வெறும் நடிகராக மட்டும் இருப்பதில்லை. கமல்ஹாசன் 2018 பிப்ரவரியில் தன் கட்சியை இங்கேதான் தொடங்கினார். விஜய் கட்சியின் இரண்டாவது மாநில மாநாடு 2025 ஆகஸ்டில் மதுரைக்கு அருகேதான் நடந்தது. கட்சித் தலைவரான நடிகரோடு நீங்கள் நிற்கும் படம், ‘எனக்கு மேலிடத்தில் செல்வாக்கு’ என்ற வாக்குமூலம். சால்வை போர்த்துவது, மனு கொடுப்பது, மேடையில் பக்கத்து நாற்காலியில் அமர்வது போன்ற படங்களை விளையாட்டுக்குக்கூடச் செய்ய வேண்டாம். ஊரில் வேலைக்கும் இடமாற்றத்துக்கும் அலைபவர்கள் அதை நம்பி உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். தேர்தல் நேரத்தில் பழைய படங்களையும் இறக்கிவிடுங்கள்.

நடிகை என்றால், தோளில் கை, இடுப்பில் கை, மாலை மாற்றுவது, நிச்சயதார்த்த மேடை எதுவும் வேண்டாம். இதில் எழுத்து வைத்தாலும் சரியாகாது. ஒட்டுவேலை என்று பார்ப்பவர் நூறு சதவீதம் அறிந்திருந்தாலும், சம்மதிக்காத ஒரு பெண்ணை உங்கள் கைக்குள் வைத்துக் காட்டுகிறீர்கள். ஓர் அடி இடைவெளி விட்டு, இருவரும் நேரே பார்த்து நிற்கும் படம் செய்யுங்கள். நடிகர், நடிகைகளின் குழந்தைகள், குடும்பத்தார் தெரியும் படங்களைத் தொடவே வேண்டாம்.

கைமீறிப் போய்விட்டால்

படம் நிஜம் என்று சுற்றத் தொடங்கினால் பலர் செய்வது, அழித்துவிட்டுச் சும்மா இருப்பது. வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரம் வரைதான் உண்டு. அதற்குள் வேறு குழுக்களுக்குப் போன பிரதிகளை அது தொடாது. நீங்கள் அழித்ததே, ‘ஏதோ ரகசியச் சந்திப்பு போல’ என்ற பேச்சைக் கிளப்பவும் கூடும்.

அதற்குப் பதில் ஒரு படம் செய்யுங்கள். இடப்பக்கம் நடிகரின் மூலப் படம், நடுவில் உங்கள் தனிப்படம், வலப்பக்கம் சேர்த்த படம், அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே இப்படி எழுதுங்கள்: “இது நான் செய்த ஒட்டுப்படம். இவரை நான் நேரில் சந்தித்ததில்லை. இதைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், எனக்குத் தெரிவியுங்கள்.” படம் போன ஒவ்வொரு குழுவிலும் இதைப் போட்டு, ஒரு வாரத்துக்கு டி.பி.யாகவும் வையுங்கள். விளக்கமும் சமாதானமும் நீளமாக எழுதாதீர்கள். நீளமான செய்தியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும்தான் மற்றவருக்கு அனுப்புவார்கள், அதனால் சொல்ல வேண்டியது படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

காசு கைமாறிவிட்டது என்று தெரிந்தால், கொடுத்தவரை உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். நீங்களும் cybercrime.gov.in தளத்தில் புகார் பதிவு செய்து, லேயர்கள் உள்ள மூலக் கோப்பையும், முதலில் எந்தக் குழுவில் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதற்கான திரைப்பிடிப்பையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.